கண்ணாடியா, லென்ஸா: பில் தாளின் பின்பக்கம் போட்ட கணக்கு

அண்ணன் மகளுக்குத் தக்கலையில் வங்கி வேலை. திங்கள்சந்தையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறாள். ஜூன் மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, மார்த்தாண்டத்தில் நான் வைத்திருக்கும் கண்ணாடிக் கடைக்குள் நனைந்தபடி வந்தாள். கண்ணாடியைக் கழற்றி, ஈரச் சுடிதார் நுனியிலேயே துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சித்தப்பா, இனி இந்தச் சனியன் வேண்டாம். நான் கான்டாக்ட் லென்ஸ் போடுகேன். மாசம் ஆயிரம் ரூவாக்குள்ள நிக்குமா?"

கடைக்காரனாகப் பார்த்தால் இதற்கு "நிற்கும் மக்களே" என்று சொல்லி டெஸ்ட் நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம். கண்ணாடி வாங்கியவர் இரண்டு வருஷம் கடைப்பக்கம் வரமாட்டார். லென்ஸ் போடுபவர் மாதாமாதம் வருவார். ஆனால் வீட்டுப் பிள்ளை கேட்கும்போது முழுக் கணக்கையும் சொல்லாமல் இருக்க முடியாது. பில் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். கீழே வரும் விலைகள் அன்றைக்கு அவளுக்கு நான் போட்டவை. உங்கள் ஊர்க் கடையில் கூடவோ குறையவோ இருக்கும். விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை அதேதான்.

அவளுக்கு வலது கண்ணில் மைனஸ் 3.25, இடது கண்ணில் மைனஸ் 2.75. சிதறல் பார்வைக்கான சிலிண்டர் பவர் இல்லை. கணக்குக்கு வசதியான கண்.

முதலில் கண்ணாடி. ஃபிரேம் ரூ.1,500. ஒளி எதிரொளிக்காத கோட்டிங் போட்ட பிளாஸ்டிக் லென்ஸ் ஜோடி ரூ.1,200. ஆக ரூ.2,700. இருபத்தாறு வயதில் பவர் பெரும்பாலும் நிலைத்துவிடும் என்பதால் இரண்டு வருஷம் ஓடும் என்று வைத்தோம். வருஷத்துக்கு ரூ.1,350. வருஷம் ஒரு தடவை கண் டெஸ்ட், ரூ.300. மூக்குப் பட்டை, திருகு மாற்ற ரூ.100. மொத்தம் ரூ.1,750.

அந்த நூறு ரூபாயைச் சும்மா எழுதவில்லை. முட்டம், குளச்சல் பக்கத்திலிருந்து வருபவர்களின் மெட்டல் ஃபிரேமைப் பார்த்தாலே தெரியும். மூக்குப் பட்டை பொருந்தும் இடத்தில் பச்சை பிடித்திருக்கும், திருகு துருவில் இறுகிப்போயிருக்கும். கடற்கரையில் வீடு என்றால் பிளாஸ்டிக் ஃபிரேம்தான் கணக்குக்குக் கட்டும். கண்ணாடியின் லென்ஸை இரண்டு வருஷத்துக்கு முன்பே கெடுப்பவை இரண்டு. ஒன்று, உப்புத் தூசி படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்ப்பது. உப்பு மணலைப் போலவே கீறும், அதனால் முதலில் தண்ணீரில் அலசவேண்டும். இன்னொன்று, வெயிலில் நிற்கும் காருக்குள் கண்ணாடியை விட்டுப் போவது. சூட்டில் பிளாஸ்டிக் விரிகிற அளவுக்கு மேலே இருக்கும் கோட்டிங் விரியாது. அதனால் கோட்டிங்கில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு விழும். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, லென்ஸையே மாற்றவேண்டும்.

அடுத்து, அவள் ஆசைப்பட்ட மாத லென்ஸ். ஆறு லென்ஸ் கொண்ட பெட்டி ரூ.1,600. இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர், அதனால் ஒரே பெட்டியைப் பங்கு போட முடியாது. வருஷத்துக்குக் கண்ணுக்கு 12 லென்ஸ், அதாவது இரண்டு பெட்டி. இரண்டு கண்ணுக்கும் நான்கு பெட்டி, ரூ.6,400.

"அவ்வளவுதானே? மாசம் ஐந்நூத்தி சொச்சம்" என்றாள். எல்லோரும் பேனாவை மூடுகிற இடம் இதுதான். லென்ஸின் விலையை மட்டும் பார்க்கிறோம், அது இராத்திரி முழுக்க ஊறிக் கிடக்கும் சொல்யூஷனின் விலையைப் பார்ப்பதில்லை.

லென்ஸ் டப்பாவில் ஒரு குழியை நிரப்ப ஏறக்குறைய 3 மில்லி வேண்டும். இரண்டு குழிக்கும் 6 மில்லி. லென்ஸை உள்ளங்கையில் வைத்துச் சொல்யூஷன் விட்டு விரலால் தேய்த்து அலச இன்னும் 4 மில்லி. ஒரு நாளுக்கு 10 மில்லி. "தேய்க்க வேண்டாம்" என்று பாட்டிலில் அச்சிட்டிருந்தாலும் தேய்க்கத்தான் சொல்கிறேன். லென்ஸில் படியும் கண்ணீர்ப் புரதமும் அழுக்கும் ஊறவைத்தால் மட்டும் போகாது, விரல் பட்டால்தான் விலகும். 360 மில்லி பாட்டில் இந்த வேகத்தில் 36 நாள் வரும். வருஷத்துக்குப் பத்து பாட்டில். பாட்டில் ரூ.480 என்றால் ரூ.4,800. லென்ஸ் விலையின் முக்கால் பங்கு அளவுக்குச் சொல்யூஷனுக்கும் தனியாகப் போகிறது. பாட்டிலோடு டப்பா இலவசமாக வரும். மூன்று மாதத்துக்கு மேல் ஒரே டப்பாவை வைத்துக்கொள்ளக் கூடாது என்றாலும், புது டப்பா பாட்டிலோடு வந்துவிடுவதால் அதற்குத் தனிச் செலவு எழுதவில்லை.

பழைய வருஷ லென்ஸ் இன்னும் சில கடைகளில் உண்டு. ஒரே ஜோடியை வருஷம் முழுக்கப் போடுவது. ஜோடி ரூ.1,500-க்குக் கிடைத்தாலும் இந்த ரூ.4,800 அப்படியே நிற்கும். ஒரு லென்ஸ் கிழிந்தால் வருஷமே கிழிந்த மாதிரி. நான் அதை விற்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

கண் டெஸ்ட் செலவும் லென்ஸ்காரர்களுக்குக் கூடுதல். கண்ணாடி போடுபவருக்கு வருஷம் ஒன்று போதும். லென்ஸ் போடுபவர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவி முன்னால் உட்காரவேண்டும். காரணம் பவர் இல்லை. கருவிழிக்கு முன்னால் இருக்கும் தெளிவான படலத்துக்கு ரத்தக் குழாய் கிடையாது, தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அது பெரும்பாலும் காற்றிலிருந்து எடுக்கிறது. லென்ஸை நாள் முழுக்கப் போட்டு, போட்டபடியே தூங்கிவிடுகிறவர்களுக்கு மூச்சு முட்டுவது போல ஆகி, ஓரத்திலிருந்து மெல்லிய ரத்தக் குழாய்கள் உள்ளே படர ஆரம்பிக்கும். வலி இருக்காது, பார்வை மங்காது, கண்ணாடியில் முகம் பார்த்தாலும் தெரியாது. ஸ்லிட் லாம்பில் மட்டும் சிவப்பு இழைகளாகத் தெரியும். மேல் இமையைத் திருப்பிப் பார்த்தால் சிலருக்கு உள்பக்கம் சிறு சிறு மேடுகள் கட்டியிருக்கும். ஆரஞ்சுச் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்க்கும்போது படலத்தில் கீறல் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். இந்த மூன்றையும் பார்க்கத்தான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. இரண்டு டெஸ்டுக்கு ரூ.600.

முதல் வருஷம் மட்டும் லென்ஸ் பொருத்திப் பார்க்கும் கட்டணம் ரூ.500 தனி. கண்ணாடிச் சீட்டைக் கொண்டு வந்து "இதே பவரில் லென்ஸ் தாங்க" என்று கேட்பவர்கள் நிறைய. அது போதாது. அந்தத் தெளிவான படலத்தின் வளைவு, லென்ஸின் விட்டம், போட்ட பிறகு இமைக்கும்போது அது எவ்வளவு நகர்கிறது என்பதெல்லாம் பார்க்கவேண்டும். பவர்கூட மைனஸ் 4-ஐத் தாண்டினால் அப்படியே வராது. கண்ணாடி கண்ணுக்கு வெளியே தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறது. மைனஸ் 6 கண்ணாடிக்கு லென்ஸ் ஏறக்குறைய மைனஸ் 5.50 தான். என் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. சிலிண்டர் 0.75-ஐ எட்டினவர்களுக்குப் பொதுவாக அதையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் லென்ஸ் வேண்டும். அதன் பெட்டி விலை கூடுதல், அவர்கள் ரூ.6,400 என்ற இடத்தில் பெரிய எண்ணாகப் போட்டுக்கொள்ளவேண்டும்.

கண்ணுக்கு ஈரச் சொட்டு மருந்தும் சேர்த்தேன். வங்கியில் ஏசி, பார்ப்பது கம்ப்யூட்டர், போய் வருவது ஸ்கூட்டர் காற்றில். லென்ஸ் நீர் ஊறிய பொருள், காற்றடித்தால் அது தன் ஈரத்தை இழந்து கண்ணீரை உறிஞ்சும். ஆரல்வாய்மொழி வழியாகத் தினம் பைக்கில் போகும் ஒரு வாடிக்கையாளர், காற்றாலைகளைத் தாண்டுவதற்குள் லென்ஸ் கண்ணில் ஒட்டிக்கொள்கிறது என்பார். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டால் பாதி தீரும். சொட்டு மருந்து பாட்டிலைத் திறந்தால் பொதுவாக ஒரு மாதம்தான் கணக்கு. வருஷம் முழுக்க வேண்டியிருக்காது, ஆறு பாட்டில் என்று வைத்து ரூ.900.

கூட்டிப் பார்த்தோம். லென்ஸ் 6,400, சொல்யூஷன் 4,800, டெஸ்ட் 600, சொட்டு மருந்து 900. மொத்தம் ரூ.12,700.

"பன்னிரண்டாயிரமா, இல்ல கண்ணாடிக்கு உள்ள காசு இதுல மிச்சமாவும்லா?" என்று கேட்டாள்.

மிச்சமாகாது. லென்ஸ் வாங்குகிறவர்கள் கடைசிவரை ஒத்துக்கொள்ளாத விஷயம் இது. கண்ணாடியை விட்டுவிட்டு லென்ஸுக்கு மாறுவது என்று ஒன்று கிடையாது. இராத்திரி லென்ஸைக் கழற்றிய பிறகு பாத்ரூமுக்குப் போகவும் கண்ணாடி வேண்டும். கண் சிவந்தாலோ சளி காய்ச்சல் வந்தாலோ ஒரு வாரம் கண்ணாடியில்தான் கழியும். சொல்யூஷன் தீர்ந்த ஞாயிற்றுக்கிழமையும் கண்ணாடிதான். வீட்டில் நல்ல பவரில் கண்ணாடி இல்லாதவர்தான் சிவந்த கண்ணிலும் லென்ஸைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். ஆகவே கண்ணாடியா லென்ஸா என்று கேட்டால் அது பாதிக் கேள்வி. கண்ணாடி மட்டும் போதுமா, கண்ணாடியோடு லென்ஸும் வேண்டுமா என்று கேட்கவேண்டும்.

கண்ணாடியின் உழைப்பு குறைவதால் அது மூன்று வருஷம் ஓடும் என்று வைத்தால் வருஷத்துக்கு ரூ.900. லென்ஸ்காரரின் உண்மையான வருஷச் செலவு ரூ.13,600. கண்ணாடிக்காரருக்கு ரூ.1,750. முதல் வருஷம் பொருத்தும் கட்டணம் 500, புதிதாகப் போடுபவர் ஒன்றிரண்டு லென்ஸைக் கிழிக்காமல் தாண்டமாட்டார் என்பதால் கூடுதலாக ஒரு பெட்டி 1,600, ஆக ரூ.15,700. மாதம் ஆயிரம் என்று அவள் போட்டிருந்த வரம்பை இது தாண்டிவிட்டது.

இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. பணம் கையைக் கடிக்கும்போது யாரும் லென்ஸை விடமாட்டார்கள், சிக்கனம் பிடிப்பார்கள். மாத லென்ஸை நாற்பத்தைந்து நாள் போடுவார்கள். வருஷத்தில் ரூ.2,000 வரை மிச்சம். டப்பாவில் நேற்றைய சொல்யூஷனைக் கொட்டாமல் மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவார்கள். பாட்டில் இரண்டு மடங்கு நாள் வரும், ரூ.2,400 மிச்சம். ஆனால் சொல்யூஷனில் கிருமியைக் கொல்லும் மருந்து ஓர் இரவில் தன் வேலையைச் செய்து பலம் குறைந்துபோயிருக்கும். அதன்மேல் புதிதை ஊற்றினால் புதிதும் நீர்த்துவிடும். 2006-இல் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை பல நாடுகளில் லென்ஸ் போடுகிறவர்களின் கண்ணைத் தாக்கி, ஒரு சொல்யூஷனே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அப்போதும் இப்படி மேலூற்றி நிரப்பும் பழக்கம் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. அதே பூஞ்சை நம் பக்கத்து மண்ணிலும் செடியிலும் உண்டு.

இன்னும் மோசம் தண்ணீர். நம் மாவட்டத்தில் குளத்தைப் பார்த்தால் இறங்காமல் இருப்பவர் யார்? என் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன் லென்ஸோடு குளத்தில் முங்கிக் குளித்திருக்கிறான், கழற்றும்போது டப்பாவைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவியிருக்கிறான். அக்கந்தமீபா என்ற ஒரு செல் உயிரி குளத்திலும் கிணற்றிலும் குழாயிலும் இருக்கும். வெறும் கண்ணை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் படலத்தைத் துளைக்கும். அவன் வந்தபோது கண் பார்ப்பதற்கு லேசான சிவப்புதான், ஆனால் வலி தாங்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்க்கும் சிவப்புக்குப் பொருந்தாத வலியும், வெளிச்சத்தைக் கண்டால் கூசுவதும் இதன் அடையாளங்கள். அன்றே கண் மருத்துவமனைக்கு அனுப்பினேன். மாதக்கணக்கில் சொட்டு மருந்து, விடுப்பு, கடைசியில் படலத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு. திற்பரப்பு அருவி, கடல், குளம் எதுவானாலும் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான். லென்ஸ் போட்டவருக்குக் கண் சிவந்து வலித்தால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்கக் கூடாது. லென்ஸைக் கழற்றி டப்பாவோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, காசில்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேட்டதும் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "அப்போ லென்ஸே வேண்டாம்னு சொல்லுகீங்களா சித்தப்பா?"

"அப்படிச் சொல்லல மக்களே. மாசத்துல எத்தன நாளு உனக்கு லென்ஸ் வேணும்னு முதல்ல சொல்லு."

யோசித்தாள். வங்கியில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணாடி உறுத்தவில்லை. மழை கொட்டும் காலைகளில் வேண்டும். கல்யாண வீடுகளுக்கு வேண்டும், அதுவும் தை பிறந்தால் சொந்தத்தில் வரிசையாக இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் மாதம் ஐந்து நாள்.

ஐந்து நாளுக்கு மாத லென்ஸ் கட்டுபடியாகாது. மாத லென்ஸின் முப்பது நாள் என்பது போட்ட நாளின் எண்ணிக்கை அல்ல. உறையைப் பிரித்த அன்றிலிருந்து ஓடும் காலண்டர். ஐந்து நாள் போட்டு இருபத்தைந்து நாள் டப்பாவில் கிடந்தாலும் முப்பதாம் நாள் அதைக் குப்பையில்தான் போடவேண்டும். சொல்யூஷனும் அப்படியே. பெரும்பாலான பாட்டில்களைத் திறந்து 90 நாளுக்குள் முடிக்கச் சொல்லி லேபிளில் போட்டிருக்கும். பாதி மீதி இருந்தாலும் கொட்டவேண்டும். ஆக, எவ்வளவு குறைவாகப் போட்டாலும் வருஷத்துக்கு லென்ஸ் 6,400, சொல்யூஷன் குறைந்தது நான்கு பாட்டில் 1,920, மொத்தம் ரூ.8,320 போய்விடும். அது தரையில் அறைந்த ஆணி, கீழே இறங்காது.

இந்த இடத்தில்தான் டெய்லி லென்ஸ் வருகிறது. காலையில் புதிது, இராத்திரி குப்பை. சொல்யூஷன் இல்லை, டப்பா இல்லை, மேலூற்றி நிரப்பும் வேலையும் இல்லை. முப்பது லென்ஸ் பெட்டி ரூ.1,800, ஒரு லென்ஸ் அறுபது ரூபாய், ஜோடி நூற்று இருபது. தினமும் போட்டால் வருஷத்துக்கு ரூ.43,800. அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் டெய்லி பக்கம் திரும்புவதே இல்லை. ஆனால் தினமும் போடாதவருக்கு அந்த எண்ணோடு என்ன வேலை? 8,320-ஐ 120-ஆல் வகுத்தால் 69. வருஷத்துக்கு 69 நாளுக்குக் குறைவாகப் போடுபவருக்கு, அதாவது மாதம் ஆறு நாளுக்குள், டெய்லிதான் மலிவு. அதற்கு மேல் போனால் மாத லென்ஸ். அவளுடைய ஐந்து நாளுக்கு வருஷம் 60 ஜோடி, நான்கு பெட்டி, ரூ.7,200. அதோடு வழக்கம்போல் கண்ணாடிக் கணக்கு 1,750, கூடுதலாக ஒரு டெஸ்ட் 300. ஆக ரூ.9,250. முதல் வருஷம் பொருத்தும் கட்டணம் சேர்த்தால் ரூ.9,750. மாதம் ஆயிரத்துக்குள் நிற்கிறது.

ஒரு பேச்சு விட்டுப்போனது. இந்தக் கணக்கு எல்லாக் கண்ணுக்கும் பொருந்தாது. தெளிவான படலம் கூம்பாகத் துருத்தும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு நோய் முற்றினால் கண்ணாடியில் எழுத்து தெளியாது, அவர்களுக்குக் கெட்டியான லென்ஸ்தான் பார்வை. ஒரு கண் மைனஸ் 1, மறு கண் மைனஸ் 7 என்று இருப்பவர்களுக்கும் கண்ணாடியில் இரண்டு பிம்பமும் அளவு பொருந்தாமல் தலை சுற்றும். அவர்கள் விலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அன்றைக்கு அவளுக்குச் சோதனை லென்ஸ் போட்டுப் பார்த்தேன். போடக் கற்றுக்கொள்ள நாற்பது நிமிஷம், கழற்ற இன்னும் கூட நேரம். வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று என்று டெய்லி பெட்டி இரண்டு மட்டும் கொடுத்தேன். நான்கையும் சேர்த்து வாங்கினால் விலை குறையுமே என்றாள். முதலில் எத்தனை நாள் உண்மையில் போடுகிறாய் என்று பார்க்கலாம், போடும் ஒவ்வொரு நாளும் பெட்டி மூடியில் தேதியை எழுது என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் கடைசியில் ஆறு மாத டெஸ்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்தாள். படலம் சுத்தமாக இருந்தது. மூடியில் 22 தேதிகள். ஐந்து மாதத்துக்கு 22 என்றால் வருஷத்துக்கு 53. கண்ணாடியை மட்டும் மறுபடியும் சுடிதார் நுனியால் துடைத்திருக்கிறாள், வலது லென்ஸின் நடுவில் கீறல்.